நைதரசன் வட்டத்தை வரைபடமாகப் போடுவதா, வரிசையாக எழுதுவதா?

உயர்தர உயிரியல் மாணவர்கள் பலர் நைதரசன் வட்டத்துக்கு மனவரைபடம் போடும்போது, தாளின் நடுவில் 'நைதரசன்' என்று எழுதி நாலு பக்கமும் கிளை இழுக்கிறார்கள். முதல் பிழை இதுதான். கிளை விடும் படம் மரம் போன்றது, ஒரு சொல் ஓரிடத்தில்தான் நிற்கும். ஆனால் நைத்திரேற்றுக்குப் பல வழிகள் உண்டு. பற்றீரியா அமோனியத்தை மாற்றுவதால் அது உண்டாகிறது. பிறகு பயிர் உறிஞ்சும், நீரோடு வடிந்து போகும், அல்லது வாயுவாகி வளிக்குப் போகும். எந்தக் கிளையில் அதை எழுதுவது? மூன்று இடத்தில் எழுதினால் தொடர்பு அறுந்துவிடும்.

இப்படிப்பட்ட பாடத்துக்கு நடுமையம் வேண்டாம். யூரியா, அமோனியம், நைத்திரேற்று, ஒட்சிசன், பயிர், வளி நைதரசன் என்று பத்துப் பன்னிரண்டு சொற்களைத் தாளில் பரவலாக எழுதி, அம்புக்குறியால் இணையுங்கள். பென்சில்தான் நல்லது, முதல் தடவை சொற்கள் சரியான இடத்தில் அமையாது.

அடுத்த பிழை, அம்புக்குறியில் எதுவும் எழுதாமல் விடுவது. பெரும்போகத்தில் தண்ணீர் கட்டிய வயலை எடுங்கள். 'அமோனியம் → நைத்திரேற்று' என்று மட்டும் போட்டால், யூரியாவின் நைதரசன் ஏன் வீணாகிறது என்ற கேள்விக்கு அந்தப் படம் உதவாது. அம்பின் மேல் 'ஒட்சிசன் இருந்தால்' என்றும், நைத்திரேற்றிலிருந்து வளி நைதரசனுக்குப் போகும் அம்பின் மேல் 'ஒட்சிசன் இல்லாவிட்டால்' என்றும் எழுதினால் விடை கண்ணில் படும். சேற்றின் மேல்தோலில் கொஞ்சம் ஒட்சிசன் இருக்கும், அங்கே நைத்திரேற்று உண்டாகும். அது கீழே ஒட்சிசன் இல்லாத மண்ணுக்கு இறங்கியதும் நைதரசனிறக்கம் நடந்து வாயுவாகிப் பறந்துவிடும். யூரியாவை மேலே வீசாமல் சேற்றுக்குள் ஆழமாகப் புதைத்தால் இழப்பு குறைவதும் இதனால்தான். யூரியாவிலிருந்து உண்டாகும் அமோனியம் அங்கே அமோனியமாகவே இருக்கும், நெல்லும் அதை நன்றாக எடுக்கும்.

ஒவ்வொரு அம்பையும் வாய்விட்டு ஒரு முழு வசனமாகப் படித்துப் பாருங்கள். வசனம் வராவிட்டால் அந்த இணைப்பு உங்களுக்கு இன்னும் விளங்கவில்லை.

எல்லாவற்றையும் படத்தில் திணிப்பதும் பிழை. அமோனியம் முதலில் நைத்திரைற்றாகி, பிறகே நைத்திரேற்றாகும். முதல் படியை நைத்திரோசோமோனாசும் அடுத்ததை நைத்திரோபக்டரும் செய்கின்றன. ஒழுங்கு மாறாத, கிளை விடாத இந்தச் சங்கதி கொப்பியில் இரண்டு வரியாக இருப்பதே நல்லது. படத்தில் அந்த அம்புக்கு ஓர் இலக்கம் போட்டு, கொப்பியில் அதே இலக்கத்தின் கீழ் வரிசையாக எழுதுங்கள். வரைவிலக்கணங்களும் அங்கேதான் இருக்க வேண்டும். அமைப்புக் கட்டுரை வினாவுக்குச் சொல் பிசகாமல் எழுத வேண்டியவை அவை.

கொப்பியைத் திறந்து வைத்துப் பார்த்து வரைந்தால் அழகான படம் வரும், அவ்வளவுதான். முதலில் வரிசைக் குறிப்பைப் படியுங்கள், கொப்பியை மூடிவிட்டு வரையுங்கள், பிறகு திறந்து விடுபட்ட அம்புகளைச் சிவப்புப் பேனையால் சேருங்கள். மறுநாள் திரும்பப் படிக்க வேண்டியது அந்தச் சிவப்பு அம்புகளை மட்டும்தான்.