முதல் மாத வேகத்தை நம்பி இரண்டாவது வேலையை ஏற்காதீர்கள்

முழுநேர வேலையோடு பகுதிநேரமாக மொழிபெயர்க்கத் தொடங்கிய இளைய நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார்: "அண்ணா, ஒரு மாதம் நன்றாகப் போய்விட்டது. இன்னொரு நிறுவனமும் கேட்கிறது. எடுத்துக்கொள்ளட்டுமா?" அவர் குரலில் இருந்த உற்சாகம் எனக்கு நன்றாகத் தெரிந்த உற்சாகம். நானும் ஏழாவது வாரத்தில் இதே கேள்வியை எனக்குள்ளேயே கேட்டு, 'எடுத்துக்கொள்' என்று பதிலும் சொல்லிக்கொண்டேன். அதன் பலனை இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

நேரத்துக்குத் தூங்குங்கள், செல்பேசியைத் தள்ளி வையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிட்டு, பகுதிநேர வேலையில் நேரும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

முதல் மாதத்தை அளவுகோலாக வைப்பது

முதல் மாதம் நான் வாரத்துக்கு 18 மணி நேரம் மொழிபெயர்த்தேன். சோர்வே தெரியவில்லை. ஆகவே என்னால் வாரம் 18 மணி நேரம் முடியும், கொஞ்சம் முயன்றால் 22கூட முடியும் என்று முடிவு கட்டினேன். அந்த 18 மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்க்கவில்லை.

பின்னாளில் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். வாரத்தில் 168 மணி நேரம். வேலையும் போய்வரும் நேரமும் சேர்ந்து 55. நாளுக்கு ஏழரை மணி நேரத் தூக்கம் என்றால் 52.5. குளியல், உணவு, புறப்பாடு ஆகியவற்றுக்கு நாளுக்கு இரண்டரை மணி நேரம், அதாவது 17.5. வீட்டு வேலை, பொருள் வாங்குவது, பிள்ளைகளின் பாடம் என்று இன்னொரு 17.5. மிச்சம் 25.5. அதில் குடும்பத்தோடு சும்மா உட்கார்ந்து பேச, வெளியே போக 12 மணி நேரம் ஒதுக்கினால் கையில் நிற்பது 13.5. அதுவும் எவருக்கும் காய்ச்சல் வராத, அலுவலகத்தில் அவசரம் எழாத வாரத்தில்தான். அப்படிப்பட்ட வாரம் அரிது என்பதால் 8 மணி நேரத்தை மட்டுமே நம்பினேன்.

அப்படியானால் 18 எப்படி வந்தது? வாரத்தில் ஐந்து இரவுகள் ஒன்றரை மணி நேரம் குறைவாகத் தூங்கினேன், அது 7.5. நான் செய்துவந்த பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலையை என் மனைவி நாளுக்கு அரை மணி நேரம் வீதம் ஐந்து நாட்கள் செய்தார், அது 2.5. கூட்டினால் சரியாக 10, மேலே சொன்ன 8ஓடு சேர்ந்தால் 18. என் திறமை என்று நான் நினைத்ததில் பாதிக்கு மேல் கடன். ஒரு பங்கு உடம்பிடம், ஒரு பங்கு மனைவியிடம்.

அந்தக் கடன் வாங்கும் வசதி மாதக்கணக்கில் நீடிக்காது. புதிய வேலையின் ஆர்வம் முதல் சில வாரங்களுக்கு உடம்பை ஏமாற்றுகிறது. வீட்டில் இருப்பவர்களும் 'தொடக்கம்தானே' என்று பொறுத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது நிறுவனத்தை ஏற்றபோது மனைவி சொன்னது இதுதான்: "இரண்டு மாதம் என்று நீங்கள் சொன்னதால்தான் நான் பாடத்தை ஏற்றுக்கொண்டேன். இப்போது இதுவே வழக்கமாகிவிட்டதே!" அவரைக் கேட்காமலே அவருடைய நேரத்தை நான் இன்னொருவருக்கு வாக்களித்திருந்தேன்.

பதினோராவது வாரம் ஓர் இயந்திரத்தின் பயன்பாட்டுக் கையேட்டை முடித்துக் கொடுத்தேன். 'இயங்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது' என்றிருக்க வேண்டிய வரியில் 'திறக்கலாம்' என்று எழுதியிருந்தேன். அச்சுக்குப் போகுமுன் மெய்ப்புப் பார்த்தவர் பிடித்துவிட்டார். ஒரு பிழை இப்படி இருந்தால் மற்றவற்றை எப்படி நம்புவது? முழுக் கையேட்டையும் மீண்டும் சரிபார்க்க 23 மணி நேரம் பிடித்தது. கூலி கிடையாது. அந்த நிறுவனம் அதன்பின் வேலை தரவும் இல்லை. என்னை அதிகம் உறுத்துவது, அந்த வரியை எழுதிய இரவில் எனக்குத் தூக்கக் கலக்கமே இல்லை என்பது. தெளிவாக இருப்பதாகத்தான் நினைத்தேன்.

இதற்குக் காரணம் உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், 14 நாட்கள் தொடர்ந்து ஆறு மணி நேரமே தூங்கியவர்களின் கவனம், இரவு முழுக்கத் தூங்காதவர்களின் அளவுக்குச் சரிந்தது. ஆனால் தங்கள் தூக்கக் கலக்கம் அந்த அளவுக்குக் கூடியதாக அவர்கள் உணரவில்லை. ஆகவே 'எனக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்ற உணர்வை நம்பாதீர்கள். வெளியில் தெரியும் அடையாளங்களைப் பாருங்கள். அலாரம் இல்லாத விடுமுறை நாளில் வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்குகிறீர்களா? ஒரே பத்தியை மூன்று முறை படிக்கிறீர்களா? திருத்தங்கள் திரும்பி வருவது மாதத்துக்கு மாதம் கூடுகிறதா? இவற்றில் இரண்டு இருந்தாலே புதிய வேலையை ஏற்காதீர்கள்.

நண்பருக்குச் சொன்ன வழி இது. முதல் 12 வாரங்களுக்கு ஒரே வாடிக்கையாளர். ஒவ்வொரு ஞாயிறும் நான்கு எண்களைக் குறித்து வையுங்கள்: தூங்கிய நேரம், கூலி கிடைத்த வேலை நேரம், கூலி இல்லாத வேலை நேரம், உங்களுக்காக வீட்டில் வேறொருவர் செய்த நேரம். நான்காவது எண்ணை நீங்களே ஊகிக்காமல் அவரிடம் கேட்டு எழுதுங்கள். என் மனைவி சொன்ன எண் என் ஊகத்தைப்போல் இரு மடங்கு இருந்தது. வீட்டில் யாருக்காவது உடல்நலம் கெட்ட வாரம் ஒன்றாவது அந்தப் பன்னிரண்டில் இருக்க வேண்டும். அந்த வாரத்திலும் தூக்கம் குறையாமல் எத்தனை மணி நேரம் வேலை செய்ய முடிந்ததோ, அதுவே உங்கள் உண்மையான அளவு.

கூலி இல்லாத நேரத்தை மறப்பது

கடிதப் போக்குவரத்து, திருத்தம், ரசீது, பணம் கேட்டு நினைவூட்டல் எல்லாம் சேர்ந்து என் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கின. 8 மணி நேரம் இருந்தால் 5 மணி நேரம்தான் உண்மையான மொழிபெயர்ப்பு. எனவே 20 மணி நேர வேலைக்கு நான்கு வாரம் ஆகும். நான் ஐந்து வாரம் கேட்பேன். அடுத்த வாரமே வேண்டும் என்பவருக்கு வேறொருவரைப் பரிந்துரைத்துவிடுவேன்.

விடுமுறை நாள் முழுவதையும் கணக்கில் சேர்ப்பது

வேலைக்கு அரை நாள் போதும். எந்த அரை நாள் என்பதை வீட்டாரே சொல்லட்டும்.

அலுவலக நேரத்தில் சொந்த வேலை

கூடாது. பணி ஒப்பந்தம் பகுதிநேர வருமானத்தை அனுமதிக்கிறதா என்பதையும் முதல் வேலைக்கு முன்பே படித்துவிடுங்கள்.

ஏற்கெனவே அதிகம் ஏற்றிருந்தால்

கெடு தவறிய பின் மன்னிப்புக் கேட்பதைவிட, தவறும் என்று தெரிந்த அன்றே எழுதுவது நல்லது. நான் எழுதிய கடிதம் மூன்று வரிதான்: "வெள்ளிக்கிழமைக்குள் முதல் இரண்டு பகுதிகளைத் தருகிறேன். மூன்றாம் பகுதி அடுத்த புதன்கிழமை வரும். அதற்கு முன்பே தேவை என்றால் இன்றே சொல்லுங்கள், அந்தப் பகுதியை வேறொருவரிடம் கொடுக்க உதவுகிறேன்." புதன்கிழமை வரை பொறுப்பதாக அன்று மாலையே பதில் வந்தது. இரண்டு மாதங்களுக்குப் பிறகு முதல் முறையாக, அன்றிரவு பத்து மணிக்கே விளக்கை அணைத்தேன்.