முன்னேற்றக் கூட்ட மினிட்ஸில் "குறித்துக்கொள்ளப்பட்டது" என்று எழுதி முடிக்காதீர்கள்

மாதாந்திர முன்னேற்றக் கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதும் வேலை பெரும்பாலும் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் இளையவர் ஒருவரிடம் வந்து சேரும். குத்தகையாளர் பக்கத்தில் அதைப் படித்துச் சரிபார்ப்பவர் சைட் கோஆர்டினேட்டர். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இந்த இரண்டு வேலைகளிலும் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தாமதமும் பணமும் பேசப்படும் இடத்தில் ஒரு வரி தப்பாக விழுந்தால், ஒரு வருடம் கழித்து அந்த வரியை வைத்துத்தான் சண்டை நடக்கும்.

பாயான் லெப்பாஸில் ஓர் அடுக்குமாடித் திட்டம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தம் மலேசியக் கட்டடக் கலைஞர் சங்கத்தின் 2006 படிவம், அதாவது எல்லாரும் பாம் 2006 என்று சொல்வது. மார்ச் 3 அன்று ஆர்க்கிடெக்ட் எழுத்துப்பூர்வமாக ஓர் உத்தரவு கொடுக்கிறார்: குளியலறைகளின் இடம் மாறுகிறது, ஸ்லாப்பில் குழாய்த் துளைகளும் மாற வேண்டும். மார்ச் 19 கூட்டத்தில் குத்தகையாளரின் மேலாளர், "பாஸ், இந்த டிராயிங் மாறினதால ஸ்லாப் வேலை மூணு வாரம் பின்னுக்குப் போகும்" என்கிறார். மினிட்ஸில் ஏறியது இவ்வளவுதான்: "வரைபட மாற்றத்தால் தாமதம் ஏற்படலாம் எனக் குத்தகையாளர் தெரிவித்தார். குறித்துக்கொள்ளப்பட்டது."

மேலாளருக்கு நிம்மதி. சொல்லியாகிவிட்டது, எழுத்திலும் ஏறிவிட்டது. கால நீட்டிப்புக் கடிதத்தை ஏப்ரல் 18-இல் அனுப்புகிறார். அது தள்ளுபடியாகிறது.

காரணம் 23-ஆவது பிரிவு. கால நீட்டிப்பு கேட்கப் போவதை, எத்தனை நாள் என்ற முதல் மதிப்பீட்டோடு, உத்தரவு வந்த நாளிலிருந்து அல்லது தாமதக் காரணம் தொடங்கிய நாளிலிருந்து 28 நாளுக்குள் ஆர்க்கிடெக்டுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவிப்பது உரிமைக்கே முன்நிபந்தனை. மார்ச் 3-இலிருந்து எண்ணினால் மார்ச் 31-ஓடு கெடு முடிந்துவிட்டது. கூட்டத்தில் பேசியது அந்தக் கடிதத்துக்கு ஈடாகுமா என்று வாதாடலாம்தான். ஆனால் மினிட்ஸை எழுதியது ஆர்க்கிடெக்ட் அலுவலகம், அதில் நீட்டிப்பு கேட்கப்போவதாக ஒரு சொல்கூட இல்லை, நாள் கணக்கும் இல்லை. அதோடு மினிட்ஸே ஏப்ரல் 4-இல்தான் எல்லார் கைக்கும் வந்தது. வக்கீலுக்குக் கொட்டிக் கொடுத்து வாதாட வேண்டிய நிலையை ஒரு கடிதம் தவிர்த்திருக்கும். கூடுதல் செலவு கேட்கும் 24-ஆவது பிரிவிலும் இதே 28 நாள் கெடு இருக்கிறது. அதற்குத் தனிக் கடிதம் வேண்டும். கால நீட்டிப்புக்கு எழுதிய கடிதம் பணத்துக்கும் சேர்த்துப் பேசாது. ஜேகேஆர் 203ஏ மாதிரி அரசாங்க ஒப்பந்தமாக இருந்தால் பிரிவு எண்களும் நிபந்தனைகளும் மாறும். அதனால் முதல் கூட்டத்துக்கு முன்பே உங்கள் ஒப்பந்தத்தின் கெடுக்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் மினிட்ஸில் என்ன எழுதியிருக்க வேண்டும்? நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "மார்ச் 3 தேதியிட்ட 17-ஆம் உத்தரவால் ஐந்தாம் மாடி ஸ்லாப் வேலை 21 நாள் தள்ளிப்போகும் என்பது குத்தகையாளரின் கூற்று. ஆர்க்கிடெக்ட் இதை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. 23-ஆவது பிரிவுப்படியான கடிதத்தைக் குத்தகையாளர் மார்ச் 26-க்குள் அனுப்புவார்." மூன்று வாக்கியம்தான். யார் சொன்னது, எதைப் பற்றி, அடுத்து யார் எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும் என்பது முழுக்க வந்துவிடுகிறது. "குறித்துக்கொள்ளப்பட்டது" என்ற சொல்லை ஒரு தரப்பு 'ஒத்துக்கொண்டார்கள்' என்று படிக்கும், இன்னொரு தரப்பு 'காதில் வாங்கினோம், அவ்வளவுதான்' என்று படிக்கும். அந்தச் சொல்லை நான் அறவே தவிர்ப்பேன்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. "குத்தகையாளரின் தாமதம் 21 நாள்" என்று ஒரு வரி போட்டுவிடுவார்கள். வேலை 21 நாள் பின்தங்கியிருப்பது உண்மை நிலவரம். அது யாருடைய தாமதம் என்பது தீர்ப்பு. நிலவரத்தை மினிட்ஸில் எழுதுங்கள். தீர்ப்பைச் சொல்ல ஒப்பந்தத்தில் வேறு வழி இருக்கிறது.

மழையைப் பற்றிய வரியும் இப்படித்தான் கெடுகிறது. "மழையால் வேலை தடைபட்டது" என்பது நம் ஊரில் எந்த மாதத்துக்கும் பொருந்தும். ஒப்பந்தம் கேட்பது வழக்கத்துக்கு மிஞ்சிய மழை. எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த வேலை நின்றது என்று தள நாட்குறிப்பிலிருந்து எடுத்து மினிட்ஸோடு இணையுங்கள். அப்போதுதான் பின்னால் வானிலைத் துறையின் பதிவோடு ஒப்பிட முடியும்.

சரி, பணத்துக்கு வருவோம். இங்கே நடக்கும் குழப்பம் கேட்ட தொகை, சான்றளித்த தொகை, கட்ட வேண்டிய தொகை மூன்றையும் ஒன்றாகப் போடுவது. நம் திட்டத்தில் ஒன்பதாவது கட்டண விண்ணப்பத்தில் குத்தகையாளர் கேட்டது, தொடக்கத்திலிருந்து செய்த மொத்த வேலைக்கு, 62 லட்சம் ரிங்கிட். சான்றிதழில் வந்த மொத்த மதிப்பு 57 லட்சம். மினிட்ஸில் "57 லட்சம் அங்கீகரிக்கப்பட்டது" என்று ஏறுகிறது. அதைப் படித்த வீட்டுமனை நிறுவனத்தின் கணக்கர் திடுக்கிட்டு அழைக்கிறார். உண்மையில் 57 லட்சத்தில் 10 சதவீதம், அதாவது 5.7 லட்சம், பிடித்தத் தொகை. மீதி 51.3 லட்சம். முந்தைய எட்டுச் சான்றிதழ்களில் போன 45 லட்சத்தைக் கழித்தால் இப்போது கட்ட வேண்டியது 6.3 லட்சம் மட்டுமே.

மினிட்ஸில் இந்தக் கணக்கு முழுவதும் ஏற வேண்டாம். சான்றிதழ் எண், அதன் தேதி, நிறுவனத்தின் கையில் கிடைத்த தேதி, கட்ட வேண்டிய தொகை, கெடு நாள் ஆகியவை போதும். ஒப்பந்தத்தின் பிற்சேர்க்கையில் வேறு எண் எழுதாவிட்டால் பாம் 2006-இல் பணம் கட்ட 21 நாள். வெட்டப்பட்ட 5 லட்சத்தின் விவரம்தான் கட்டாயம் வேண்டும்: 3.2 லட்சம் இன்னும் உத்தரவு எண் கிடைக்காத மாற்றவேலை, 1.8 லட்சம் அளவெடுப்பில் குறைந்தது. முதலாவதற்கு உத்தரவு வேண்டும், இரண்டாவதற்குக் கூட்டு அளவெடுப்பு வேண்டும். இரண்டையும் "நிலுவை" என்று ஒரே சொல்லில் எழுதினால், யார் என்ன செய்வது என்று தெரியாமல் அடுத்த நான்கு கூட்டங்களுக்கும் அதே வரி நகலாகிக்கொண்டே போகும். இன்னொன்று: "பேசி முடிக்க 4 லட்சத்துக்குச் சம்மதிக்கலாம்" மாதிரியான சமரசப் பேச்சு இந்தக் கூட்டத்திலேயே வரக்கூடாது. அதைத் தனியாக, உரிமைகளைப் பாதிக்காத பேச்சு என்று முன்கூட்டியே எழுதி, தனிக் கோப்பில் வையுங்கள்.

பணம் வராமல் போனால் 2014 ஏப்ரல் 15 முதல் அமலில் இருக்கும், கட்டுமானப் பணத் தகராறுகளைத் தீர்ப்பதற்கான சிபா சட்டப்படி குத்தகையாளர் கட்டணக் கோரிக்கை அனுப்பலாம். எதிர்த்தரப்பு பத்து வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். அவ்வளவு குறுகிய காலத்தில் இரண்டு தரப்பும் முதலில் தேடுவது மினிட்ஸைத்தான். அதனால் கூட்டம் முடிந்து ஒரு வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள்; திருத்தம் இருந்தால் எத்தனை நாளுக்குள் என்றும் கீழே எழுதுங்கள். திருத்தம் வந்தால் பழைய வரியை அழித்து எழுதாதீர்கள். அடுத்த கூட்டத்தின் முதல் அம்சமாக, யார் என்ன மாற்றச் சொன்னார், மற்றவர்கள் ஏற்றார்களா என்று புதிதாகப் பதிவு செய்யுங்கள். மினிட்ஸைப் பெறுபவர் குத்தகையாளர் பக்கத்தவரானால், தப்பான வரியைப் பார்த்த அன்றே மின்னஞ்சல் போடுங்கள். அடுத்த கூட்டத்தில் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால், அதற்குள் அந்த 28 நாள் ஓடிப்போயிருக்கும்.