கேரட், பீன்ஸ், ப்ரோக்கோலி: நிறம் மாறாமல் ஆவியில் வேகவைப்பது எப்படி?

மூன்று காய்களையும் ஒன்றாகக் கொட்டி மூடினால் கேரட் வேகும் முன்பே ப்ரோக்கோலி குழைந்துவிடும். ஒவ்வொன்றையும் அதற்குரிய நேரத்தில் உள்ளே போட்டால் எல்லாம் ஒரே சமயத்தில் பதமாகும். தனியாக ஸ்டீமர் வேண்டாம், இட்லிப் பானையும் துளையுள்ள தட்டும் போதும்.

1. நறுக்குதல்

2 கேரட்டைத் தோல் சீவி அரை சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாக நறுக்குங்கள். ஒரு கைப்பிடி பீன்ஸை நார் எடுத்து 2 அங்குலத் துண்டுகளாக்குங்கள். பாதி ப்ரோக்கோலியை எலுமிச்சை அளவுப் பூக்களாகப் பிரியுங்கள். தண்டை எறியாதீர்கள், தடித்த தோலைச் சீவினால் உள்ளே இளசாக இருக்கும். அதை மெல்லிசாக நறுக்கி பீன்ஸோடு போடலாம்.

கீழே உள்ள நேரமெல்லாம் இந்த அளவுக்குத்தான். கேரட்டைத் தடிமனாக நறுக்கினால் கூடுதலாக 2, 3 நிமிடம் பிடிக்கும்.

2. தண்ணீர்

பானையில் இரண்டு அங்குல உயரம் தண்ணீர் போதும், தட்டைத் தொடக் கூடாது. நன்றாகக் கொதித்து ஆவி வந்த பிறகே காயை வையுங்கள்.

3. வேகவைத்தல்

முதலில் கேரட்டை மட்டும் பரப்பி மூடுங்கள். 2 நிமிடம் கழித்து பீன்ஸ். மேலும் 2 நிமிடம் கழித்து ப்ரோக்கோலி. அதன்பின் 4 நிமிடம். ஆக கேரட்டுக்கு 8, பீன்ஸுக்கு 6, ப்ரோக்கோலிக்கு 4 நிமிடம். தீயைக் குறைக்காமல், சட்டென்று திறந்து போட்டு மூடிவிடுங்கள்.

கேரட்டின் நிறம் சூட்டைத் தாங்கும். கவனம் தேவைப்படுவது பச்சைக் காய்களுக்குத்தான். வேகும்போது காயிலிருக்கும் அமிலம் வெளிப்பட்டு, பச்சையத்திலுள்ள மக்னீசியத்தை வெளியேற்றிவிடும். சுமார் 7 நிமிடம் தாண்டினால் பளிச்சென்ற பச்சை மங்கி, பழுப்புக் கலந்த பாசி நிறமாகும். இடையில் மூடியைத் திறப்பது இந்த அமிலத்தில் கொஞ்சம் ஆவியோடு வெளியேறவும் உதவும். சிலர் நிறத்துக்காகச் சமையல் சோடா சேர்ப்பார்கள். பச்சை நிற்கும், ஆனால் காய் கொழகொழத்துவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

4. பதம் பார்த்தல்

ப்ரோக்கோலித் தண்டில் கத்தி முனையைக் குத்துங்கள். உள்ளே இறங்க வேண்டும், ஆனால் கடைசியில் லேசாகத் தடுக்க வேண்டும். தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் வெந்தது அதிகம். ஒரு பீன்ஸை எடுத்துக் கடித்தால் பச்சை வாடை போயிருக்க வேண்டும், பல்லுக்கு நறுக்கென்றும் இருக்க வேண்டும்.

5. இறக்கியதும்

அடுப்பை அணைத்துவிட்டுப் பானையிலேயே விடுவதால்தான் பலருக்குப் பதம் தப்புகிறது. உள்ளிருக்கும் சூட்டிலேயே காய் தொடர்ந்து வேகும். உடனே அகலமான தட்டில் ஒன்றின்மேல் ஒன்று குவியாமல் பரப்புங்கள். சாலடுக்கு என்றால் ஐஸ் தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு வடியுங்கள்.

உப்பு, மிளகுத்தூள், கொஞ்சம் நெய் சேர்த்துப் பிரட்டலாம். எலுமிச்சைச் சாற்றை மட்டும் சாப்பிட உட்காரும்போது பிழியுங்கள். முன்னதாகவே பிழிந்து வைத்தால் அந்தப் புளிப்பே பச்சையை மங்கவைத்துவிடும்.