அம்மம்மாவின் முதல் வீடியோ அழைப்பு: வழிகாட்டும் பேரன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சின்னக் கதையை வைத்தே சொல்லிவிடலாம். டொரோண்டோவின் ஸ்காபரோவில் இளைய மகள் வீட்டில் இருக்கிறார் அம்மம்மா. மூத்த மகளின் மகன் யாழ்ப்பாணத்தில் இருக்கிறான். சித்தி தன் பழைய ஆண்ட்ராய்டு கைபேசியில் புதிய சிம் போட்டு, வீட்டு வைஃபையையும் இணைத்து, தாயிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அங்கே காலை ஒன்பது மணி, இங்கே மாலை ஆறரை. வாட்ஸ்அப்பை நிறுவி, முகம் பார்த்துப் பேச வைப்பது பேரனின் வேலை. பத்து நிமிடத்தில் முடியும் என்று நினைத்துத்தான் அழைத்தான்.

முதல் தவறு அந்த அழைப்பிலேயே இருந்தது. எந்தக் கைபேசியில் செயலியை நிறுவ வேண்டுமோ, அதே கைபேசிக்கே அவன் அழைத்திருந்தான். "அம்மம்மா, திரையில் பிளே ஸ்டோர் தெரிகிறதா?" என்று கேட்டான். "ஒன்றும் தெரியவில்லை தம்பி, இருட்டாக இருக்கிறது" என்றார் அவர். சரியான பதில்தான். காதில் வைத்திருக்கும்போது கைபேசியின் மேல்விளிம்பில் உள்ள உணரி முகம் அருகில் இருப்பதை அறிந்து திரையை அணைத்துவிடும். திரையைப் பார்க்கக் கைபேசியை இறக்கினால் பேரன் பேசுவது கேட்காது. கேட்பதற்குக் காதில் வைத்தால் திரை மறுபடியும் அணையும். ஒலிபெருக்கியைப் போடச் சொல்லலாம். ஆனால் அழைப்பில் இருக்கும்போது அந்தப் பொத்தானைக் கண்டுபிடிப்பதே அவருக்குத் தனிப் பாடம். அதையும் தாண்டிப் போனாலும் கடைசியில் முட்டுச்சந்துதான். சாதாரணத் தொலைபேசி அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போது வாட்ஸ்அப் அழைப்பை மேற்கொள்ள முடியாது. "இப்போது என்னை வீடியோவில் அழையுங்கள்" என்று பேரன் சொல்லும் அந்த நொடியில், அவன் பேசிக்கொண்டிருப்பதே தடையாக நிற்கும்.

அந்த வீட்டின் வரவேற்பறையில் கம்பியில்லாத் தொலைபேசி ஒன்று இருந்தது. பேரன் வைத்துவிட்டு அதற்கு அழைத்தான். பேச ஒரு கருவி, தொட்டுப் பார்க்க ஒரு கருவி என்று பிரித்த பிறகுதான் வேலை நகர்ந்தது. வீட்டில் லேண்ட்லைன் இல்லையென்றால், வேறு யாராவது கைபேசியோடு அருகில் இருக்கும் நேரம்வரை காத்திருப்பது மேல்.

அடுத்த தவறு கட்டளையிடுவது. "பச்சைப் பொத்தானை அழுத்துங்கள்" என்றான். பிளே ஸ்டோரில் அவர் கண்ணுக்குப் பச்சையாகப் பல இருந்தன. தேடல் முடிவுகளில் முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம். "Sponsored" என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும். அதுவும் பச்சைச் சின்னத்தோடு, பெயரில் பாதி ஒத்துப்போகும் வேறு செயலியாக இருக்கலாம். அம்மம்மா அதைத்தான் தொட்டார். பேரனுக்கோ அங்கே என்ன நடக்கிறது என்றே தெரியாது. தன் மனத்தில் உள்ள திரைக்குத்தான் அவன் கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தான்.

திரையில் இருப்பதை மேலிருந்து கீழாக வாசிக்கச் சொல்லிக் கேட்டிருந்தால் இந்தச் சுற்று வந்திருக்காது. அம்மம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை, ஆங்கிலம் வாசிப்பார். எழுத்துக் கூட்டக்கூட வேண்டியதில்லை. செயலியின் பெயருக்குக் கீழே தயாரித்தவர் பெயர் இருக்கும். அது "WhatsApp LLC" என்று இருந்தால் மட்டும் "Install" என்பதைத் தொட வேண்டும். இந்த ஒரு வரியை அவர் வாயால் வாசித்துக் கேட்ட பிறகே பேரன் "தொடுங்கள்" என்று சொல்ல வேண்டும். ஆங்கிலம் வாசிக்காதவர் என்றால் கைபேசியின் மொழியை முன்கூட்டியே தமிழுக்கு மாற்றலாம். ஆனால் அப்போது வழிகாட்டுபவர் தன் கைபேசியையும் தமிழுக்கு மாற்றிக்கொண்டு உட்கார வேண்டும். அவர் தமிழில் பார்க்க, இவன் ஆங்கிலத்தில் சொல்ல, இரண்டும் பொருந்தாமல் போவது வழக்கமான கூத்து.

நிறுவியாயிற்று. இனித் தொலைபேசி எண். வயதானவர்களுக்கு மனப்பாடமாக இருப்பது ஊரில் வைத்திருந்த எண். அம்மம்மாவும் 077 என்று தொடங்கும் இலங்கை எண்ணைத்தான் தட்டினார். நாட்டின் பெயர் Canada என்றும் குறியீடு +1 என்றும் ஏற்கெனவே விழுந்திருந்ததால், அந்த எண் செல்லாது என்று செயலி மறுத்துவிட்டது. அது நல்லதாகப் போயிற்று. நாட்டையும் இலங்கை என்று மாற்றியிருந்தால் சரிபார்ப்புக் குறுஞ்செய்தி யாழ்ப்பாணத்துக்குப் போயிருக்கும். அந்தப் பழைய சிம்மை இப்போது பேரனின் அம்மா பயன்படுத்துகிறார். அவருக்கு வந்த குறியீட்டை யாராவது வாங்கிப் போட்டிருந்தால், அந்த எண்ணின் வாட்ஸ்அப் கணக்கு கனடாக் கைபேசிக்கு மாறி, அம்மாவின் கைபேசியில் கணக்கு வெளியேறியிருக்கும்.

கையிலிருக்கும் கைபேசியில் எந்த சிம் உள்ளதோ அந்த எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். அந்த எண் அம்மம்மாவுக்குத் தெரியவில்லை. சித்தி எங்கோ எழுதி வைத்திருந்தார். இதற்கு எளிய வழி உண்டு. லேண்ட்லைனை வைத்துவிட்டு, கைபேசியிலிருந்து அதற்கு ஒருமுறை அழைத்தால், அழைப்பவர் எண்ணைக் காட்டும் தொலைபேசியாக இருந்தால் எண் அங்கே தெரியும். அம்மம்மா அதை நாட்காட்டியின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். ஆறு இலக்கக் குறியீடு வரத் தாமதமானால் மீண்டும் மீண்டும் கேட்கக் கூடாது. கேட்கக் கேட்கக் காத்திருக்கும் நேரம்தான் கூடும்.

குறியீடு வந்த இடத்தில்தான் பேரன் செய்த பெரிய தவறு இருக்கிறது. அது தவறென்றே பலருக்குத் தோன்றாது. "என்ன எண் வந்திருக்கிறது, வாசியுங்கள் அம்மம்மா" என்றான். அவரும் வாசித்தார். சொந்தப் பேரன்தானே, என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் தொலைபேசியில் அன்பாகப் பேசுகிறவர் கேட்டால் குறுஞ்செய்தியில் வந்த எண்ணை வாசித்துக் காட்ட வேண்டும் என்ற பழக்கத்தை அவன் அன்று கற்றுக்கொடுத்துவிட்டான். வாட்ஸ்அப் கணக்கைத் திருடுபவர்கள் செய்வதும் இதே காரியம். தெரிந்தவரைப் போலப் பேசி, "தவறுதலாக உங்களுக்கு ஒரு எண் வந்துவிட்டது, சொல்லுங்கள்" என்பார்கள். சொன்னால் கணக்கு அவர்கள் கைக்குப் போகும். பிறகு அம்மம்மாவின் பெயரில் உறவினர்களிடம் பணம் கேட்பார்கள்.

அந்தக் குறியீட்டை வழிகாட்டுபவர் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே இல்லை. ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் செயலி குறுஞ்செய்தியைத் தானே பார்த்து நிரப்பிக்கொள்ளும். நிரப்பாவிட்டால், "ஆறு இலக்கம் வந்திருக்கும், எனக்குச் சொல்ல வேண்டாம், நீங்களே போடுங்கள், நான் கேட்டாலும் சொல்லாதீர்கள்" என்று சொல்லிவிட்டு அமைதியாக இருக்க வேண்டும். தூரத்திலிருந்து திரையைப் பார்க்கவும் இயக்கவும் உதவும் செயலிகளை இதற்காக அவர் கைபேசியில் ஏற்றுவதையும் நான் விரும்புவதில்லை. வசதிதான், ஆனால் மோசடிக்காரர்களும் முதியவர்களிடம் அதையே ஏற்றச் சொல்கிறார்கள்.

பிறகு அனுமதிகள். இங்கே நிகழும் பிழை அன்றைக்குத் தெரியாது, மறுநாள்தான் தெரியும். முதல் வீடியோ அழைப்பின்போது கேமராவுக்கும் ஒலிவாங்கிக்கும் தனித்தனியாக அனுமதி கேட்கும். மூன்று பதில்கள் இருக்கும்: "While using the app", "Only this time", "Don't allow". அம்மம்மா எச்சரிக்கையானவர். நடுவில் இருந்ததைத் தொட்டார். படம் வந்தது, பேரனைப் பார்த்தார், "இளைத்துவிட்டாய்" என்று சொல்லியும் ஆயிற்று. பேரன் வேலை முடிந்ததென்று எழுந்துவிட்டான்.

"Only this time" என்பது அந்த ஒரு முறைக்கு மட்டும். செயலியை மூடிச் சற்று நேரம் போனதும் அனுமதி தானாகக் காலாவதியாகிவிடும். மறுநாள் அதே கேள்வி மீண்டும் வந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. ஏதோ கேட்கிறதே என்று பயந்து "Don't allow" என்றார். அதற்கடுத்த முறையும் அப்படியே. ஆண்ட்ராய்டு 11 முதல், ஓர் அனுமதியை ஒரு செயலிக்கு இருமுறை மறுத்துவிட்டால் அந்தக் கேள்வி அதன் பிறகு வருவதில்லை. இப்போது அழைப்பு போகிறது, பேரன் முகம் தெரிகிறது, அம்மம்மாவின் பக்கம் மட்டும் கறுப்பு. கேமரா பழுதென்று சித்தி புதுக் கைபேசி வாங்கக் கிளம்பிவிட்டார்.

பழுதா, அனுமதியா என்று கண்டுபிடிக்க, கைபேசியின் சொந்தக் கேமரா செயலியைத் திறந்து பார்த்தால் போதும். அதில் முகம் தெரிந்தால் கேமரா நன்றாக இருக்கிறது. Settings, Apps, WhatsApp, Permissions, Camera என்று வரிசையாகப் போய் "Allow only while using the app" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மறுமுனைக்குக் குரல் கேட்காவிட்டால் Microphone என்பதிலும் இதையே பார்க்க வேண்டும். முதல் நாளிலேயே பேரன், "கேள்வி வந்தால் மேலே இருக்கும் முதல் பதில் என்ன என்று வாசியுங்கள்" என்று கேட்டிருந்தால் இவ்வளவும் மிச்சம்.

தொடர்புப் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை. ஊர் எண்களை 077 என்றே சேமித்திருந்தால் கனடாக் கைபேசியில் வாட்ஸ்அப் அவர்களை அடையாளம் காணாது. முன்னால் உள்ள சைபரை எடுத்துவிட்டு +94 77 என்று தொடங்கிச் சேமிக்க வேண்டும். அப்படிச் சேமித்த பிறகும் பெயர்கள் வராமல் வெறும் எண்களாகவே தெரிந்தால், தொடர்புகளுக்கான அனுமதி மறுக்கப்பட்டிருக்கலாம்.

அழைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, வரும் அழைப்பை எடுக்கக் கற்றுக்கொடுக்காமல் விடுவதும் பரவலான தவறு. திரை பூட்டியிருக்கும்போது அழைப்பு வந்தால் பல கைபேசிகளில் விரலை இழுக்க வேண்டும், தொட்டால் எடுக்காது. திரை திறந்திருக்கும்போது அதே அழைப்பு மேலே ஒரு சின்னப் பட்டையாக வரும், அங்கே தொட வேண்டும். அதனால் பேரன் இரண்டு நிலையிலும் அழைத்துப் பார்த்து, அம்மம்மா தானாக எடுக்கும்வரை லேண்ட்லைனில் காத்திருக்க வேண்டும். இரவில் ஒலியை நிறுத்தும் ஏற்பாட்டைச் சித்தி போட்டிருக்கிறாரா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்தில் மாலை நான்கு மணிக்கு அழைத்தால் கோடையில் அங்கே காலை ஆறரை, மணி அடிக்காமலே போகலாம். நவம்பர் முதல் ஞாயிறன்று ஒன்ராறியோவில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போகும். அதன் பிறகு வழக்கமான ஆறரைக்கு அழைத்தால் அங்கே காலை எட்டு மணி. சித்தி வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் அம்மம்மாவை அடுப்படியிலிருந்து கூப்பிட யாரும் இருக்க மாட்டார்கள். ஏழரைக்கு மாற்றிக்கொள்வது நல்லது.