வீடியோ திக்கினால் எல்லாப் பழியும் நெட் மேல்தானா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடைக்கு வேலை கற்றுக்கொள்ள வந்திருக்கும் தம்பி போன வாரம் ஒரு வாடிக்கையாளரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். "வீடியோ விட்டு விட்டு ஓடுதுன்னா நெட் ஸ்லோதான் சார், பெரிய பிளானுக்கு மாறிப் பாருங்க" என்றான். நான் போனை வாங்கி, பிளானை இப்போது மாற்ற வேண்டாம், லேப்டாப்பைக் கொண்டுவாருங்கள் என்று சொன்னேன். அவன் சொன்ன அதே வாக்கியத்தை நானும் ஒரு காலத்தில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அதனால் ஒருவருக்குப் பணம் வீணாய்ப் போனது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ரவுட்டரை அணைத்துப் போடுவது, தேவையில்லாத டேப்களை மூடுவது போன்றவற்றை நீங்களே செய்திருப்பீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

திக்கலின் வகையைப் பார்க்காமல் பிளானை மாற்றுவது

எங்கள் தெருவில் ஒரு பரதநாட்டிய டீச்சர் இருக்கிறார். நிகழ்ச்சிப் பதிவுகளை யூடியூபில் போட்டு மாணவிகளுக்கு அடவு காட்டுவார். 1080p60 தரத்தில், அதாவது நொடிக்கு 60 படம் ஓடும்படி வைத்தால் கால் அசைவு தெளிவாகத் தெரியும் என்பதால் அதைத்தான் வைப்பார். வீடியோ திக்குகிறது என்று என்னைக் கூப்பிட்டார். 40 எம்பிபிஎஸ் பிளானை 100க்கு மாற்றச் சொன்னேன். அப்படியும் திக்கியது. 2,300 ரூபாய்க்குப் புது ரவுட்டர் வாங்க வைத்தேன். அப்புறமும் சரியாகவில்லை என்று சுவர் ஓரமாக லேன் கேபிள் இழுத்து லேப்டாப்பில் நேராகவே செருகினேன். ஒரு மாற்றமும் இல்லை.

1080p வீடியோவுக்கு 5 எம்பிபிஎஸ் போதும் என்று யூடியூபே தன் உதவிப் பக்கத்தில் சொல்கிறது. 60 பிரேம் வீடியோ கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் 40க்கு அருகில் போகாது. அந்தக் கணக்கை நான் அன்று போடவே இல்லை.

உண்மை தற்செயலாகத் தெரிந்தது. கேபிளைச் சோதித்துக்கொண்டிருந்தபோது வீடியோ ஓடிக்கொண்டிருக்கவே அது கழன்று கையோடு வந்துவிட்டது. வைஃபையும் அணைந்திருந்தது. முன்கூட்டியே இறங்கி வைத்திருந்த பகுதி இருந்ததால் வீடியோ நிற்காமல் ஓடியது. ஆனால் திக்கித் திக்கித்தான் ஓடியது. நெட்டே இல்லாத நேரத்தில் வரும் திக்கலுக்கு நெட் எப்படிக் காரணமாகும்?

அப்போதுதான் டீச்சர் ஆரம்பத்திலேயே சொன்னது மண்டையில் உறைத்தது. "தம்பி, சொல்லுக்கட்டு ஒழுங்கா கேக்குது. கால்தான் நின்னு நின்னு குதிக்குது" என்றார் அவர். இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. வீடியோ சுருக்கப்பட்டுத்தான் இறங்கும், கணினி அதை அவிழ்த்துக் காட்ட வேண்டும். ஒலியை அவிழ்ப்பது கணினிக்கு மிக லேசான வேலை, படத்தை அவிழ்ப்பதுதான் பாரம். கணினி திணறும்போது ஒலியை விடாமல் பிடித்துக்கொண்டு, நேரத்துக்குள் தயாராகாத படங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவும். அதனால் மிருதங்கம் அறுபடாமல் கேட்கும், கால் மட்டும் குதிக்கும். நெட் பற்றாக்குறை என்றால் படமும் ஒலியும் சேர்ந்தே நிற்கும், நடுவில் வட்டம் சுற்றும், கொஞ்சம் காத்திருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இப்போது நான் செய்யும் சோதனை இதுதான். ஓடும் வீடியோமேல் வலது கிளிக் செய்து `Stats for nerds` என்பதைத் திறக்கிறேன். வரும் பெட்டியில் மூன்று வரிகளை மட்டும் பார்த்தால் போதும். `Buffer Health` என்பது எத்தனை நொடிக்கான வீடியோ முன்கூட்டியே இறங்கியிருக்கிறது என்பதைச் சொல்லும். `Viewport / Frames` வரியில் `dropped of` என்று இருப்பது, எத்தனை படங்களில் எத்தனை தவறவிடப்பட்டன என்ற கணக்கு. `Codecs` வரி வீடியோ எந்த முறையில் சுருக்கப்பட்டு வருகிறது என்பது.

டீச்சர் லேப்டாப்பில் ஒரு நிமிடம் ஓடவிட்டேன். `Buffer Health` 40 நொடிக்குக் கீழே இறங்கவில்லை. நொடிக்கு 60 படம் என்பதால் ஒரு நிமிடத்துக்கு 3,600 படம் வர வேண்டும். அதில் 900க்கு மேல் தவறியிருந்தன. கையிருப்பு நிறைய இருந்தும் நாலில் ஒரு படம் திரைக்கு வரவில்லை என்றால் குற்றம் கணினியுடையதுதான். வீடியோ தொடங்கும்போதும் வேறு டேப்புக்குப் போய் வரும்போதும் சில படங்கள் தவறுவது சகஜம். அதை வைத்துப் பயப்பட வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே எண் ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள்.

`Codecs` வரி `vp09` என்று தொடங்கியது, அதாவது விபி9 முறை. லேப்டாப்பில் இருந்தது இன்டெல் ஐ3, நான்காம் தலைமுறை. அந்தச் சிப்பில் எச்.264 என்ற பழைய முறையை அவிழ்க்கத் தனி மின்சுற்று உண்டு, விபி9க்கு முழுமையான சுற்று இல்லை. இன்டெல்லில் அது ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. `av01` என்று காட்டும் ஏவி1 முறைக்குப் பதினொன்றாம் தலைமுறையாவது வேண்டும். தனிச் சுற்று இல்லாவிட்டால் மொத்தச் சுமையும் சிபியு தலையில் விழும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தபோது சிபியு 100 சதவீதத்தில் நின்றது. ஜிபியு பக்கத்தில் `Video Decode` வரைபடம் தரையில் கிடந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகு சந்தேகத்துக்கு இடமே இல்லை.

யூடியூபிடம் எச்.264ஐ மட்டும் கேட்டு வாங்கும் `h264ify` நீட்சியைக் குரோமில் போட்டேன். பக்கத்தை மறுபடி ஏற்றியதும் `Codecs` வரி எச்.264ஐக் குறிக்கும் `avc1` ஆனது, `Video Decode` வரைபடம் எழுந்தது, சிபியு 30க்கு இறங்கியது. அடுத்த நிமிடத்தில் தவறிய படங்கள் நான்குதான். செலவு எதுவும் இல்லை. எச்.264க்கு டேட்டா கொஞ்சம் கூடுதலாகப் போகும். யூடியூப் அதை 1080pக்கு மேல் தருவதும் இல்லை. அந்த லேப்டாப்பில் 4கே கேட்டால் இந்த வழி உதவாது. டீச்சருக்கு 1080p60 போதும்.

பிளானைப் பழையபடி மாற்றிக்கொள்ளச் சொன்னேன். ஆனால் ஒரு வருடத்துக்கு முன்பணம் கட்டியிருந்தார். ரவுட்டர் விலையை நான் திருப்பிக் கொடுத்தேன்.

தரத்தைக் குறைத்ததும் சரியானதை ஆதாரமாக எடுப்பது

480pக்கு இறக்கினால் திக்கல் நின்றுவிடுகிறது, ஆகவே நெட்தான் காரணம் என்று பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். தரத்தைக் குறைத்தால் இறக்க வேண்டிய டேட்டாவும் குறைகிறது, அவிழ்க்க வேண்டிய படத்தின் அளவும் குறைகிறது. இரண்டு சுமையும் ஒன்றாகக் குறையும்போது எது காரணம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

நெட்டை மட்டும் தனியே பிரிக்க வேண்டுமானால் வீடியோவை ஒரு நிமிடம் நிறுத்தி வையுங்கள். கீழே சாம்பல் பட்டை முன்னே போனதும், தரத்தை மாற்றாமல், வைஃபையை அணைத்துவிட்டு ஓட விடுங்கள். அந்தச் சாம்பல் பகுதிக்குள்ளேயே திக்கினால் கணினிதான். வழுவழுவென்று ஓடிப் பட்டை முடிந்த இடத்தில் நின்றால் கணினி மேல் தப்பில்லை, நெட்டைப் பார்க்கலாம்.

போனில் நன்றாக ஓடுகிறதே என்பது

நல்ல தடயம்தான், ஆனால் போன் தானாகவே தரத்தைக் குறைத்துக்கொண்டிருக்கலாம். அதிலும் 1080p60ஐக் கையால் தேர்ந்தெடுத்துவிட்டுப் பாருங்கள்.

chrome://gpu பக்கத்தில் பச்சை வரியோடு நின்றுவிடுவது

அங்கே `Video Decode: Hardware accelerated` என்று பச்சையில் இருந்ததும் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று மூடிவிடுகிறார்கள். ஏதாவது ஒரு முறைக்குத் தனிச் சுற்று வேலை செய்தாலே அந்த வரி பச்சையாகிவிடும். கீழே இறங்கி `Video Acceleration Information` பகுதிக்குப் போங்கள். எந்தெந்த முறை அவிழ்க்கப்படும் என்ற பட்டியல் அங்கே இருக்கும். எச்.264 இருந்து விபி9 இல்லையென்றால் டீச்சர் கதைதான்.

மேலே `Software only` என்று இருந்தால் குரோம் செட்டிங்ஸில் `System` பகுதிக்குப் போய் `Use graphics acceleration when available` என்ற சுவிட்சைப் பாருங்கள். குரோம் ஹேங் ஆனபோது யாரோ சொன்னார்கள் என்று அதை அணைத்துவிட்டு மறந்தவர்கள் நிறையப் பேர். போட்டபின் குரோமை மூடித் திறக்க வேண்டும்.

விண்டோஸ் புதிதாகப் போட்டுவிட்டு கிராபிக்ஸ் டிரைவரை விடுவது

டிவைஸ் மேனேஜரில் `Microsoft Basic Display Adapter` என்று இருந்தால் வேறெதையும் தேட வேண்டாம், டிரைவரைப் போடுங்கள்.

பத்து நிமிடம் நன்றாக ஓடியதால் கணினியை விட்டுவிடுவது

ஆரம்பத்தில் நன்றாக ஓடி, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத் திக்கத் தொடங்கினால், "சாயங்காலம் நெட்டில் கூட்டம்" என்று நினைப்போம். விசிறி இரைகிறதா, அடிப்பக்கம் சுடுகிறதா என்று கை வைத்துப் பாருங்கள். சிப் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் `Speed` என்ற எண் தொடக்கத்தில் 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் இருந்து, திக்கும் நேரத்தில் 1க்குக் கீழே விழுந்தால் வெப்பத்தைத்தான் முதலில் சந்தேகிப்பேன். மெத்தைமேல் வைத்துப் பார்க்கும் லேப்டாப்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். காற்று வெளியேறும் சல்லடையில் பஞ்சுபோல் தூசி அடைத்திருக்கும். சார்ஜரில் போட்டால் சரியாக ஓடி, பேட்டரியில் மட்டும் திக்கினால் அது வெப்பமல்ல, மின்சேமிப்பு அமைப்பு வேகத்தைக் கட்டிப்போடுகிறது.

வீடியோ காலுக்கும் இதே சோதனையைப் போடுவது

அங்கே பலிக்காது. நேரலைப் பேச்சில் 40 நொடிக் கையிருப்பு என்று எதுவும் கிடையாது, வைஃபையை அணைத்தால் அழைப்பு துண்டிக்கப்படும். இன்னொன்று, காலில் உங்கள் கணினி எதிராளியின் படத்தை அவிழ்ப்பதோடு உங்கள் கேமராப் படத்தைச் சுருக்கி அனுப்பவும் வேண்டும். அதனால் யூடியூப் நன்றாக ஓடும் கணினிகூடக் காலில் திணறலாம். சிபியு முழுக்க நிரம்பினால் ஒலியும் கரகரக்கும், ஆகவே ஒலியை வைத்தும் முடிவு செய்ய முடியாது.

ஜூமில் செட்டிங்ஸில் `Statistics` என்ற பகுதி இருக்கிறது. அதில் வழியில் தொலைந்த டேட்டாவைக் காட்டும் `Packet Loss` பூஜ்யத்துக்கு அருகில் இருந்து, டாஸ்க் மேனேஜரில் சிபியு 100ஐத் தொட்டுக்கொண்டிருந்தால், பின்னணியை மங்கலாக்கும் வசதியை முதலில் அணையுங்கள். பழைய லேப்டாப்பில் அது ஒன்றே பெரும் பாரம். அணைத்ததும் சிபியு இறங்கிப் படம் சீரானால் கணினிதான் திணறியிருக்கிறது. `Packet Loss` ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் ரவுட்டருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள்.