கடன் செயலியை நீக்கியும் நிற்காத அனுமதி

சென்ற ஆண்டு கடைக்கு ஒரு சிறு கடன் கேட்டபோது, வங்கிக் கணக்கு அறிக்கையைத் தாளில் கொடுக்காமல், வாடிக்கையாளரின் ஒப்புதலோடு வங்கித் தரவைக் கடன் நிறுவனத்துக்குக் கொண்டுசேர்க்க ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற இடைநிலை நிறுவனமான அக்கவுண்ட் அக்ரிகேட்டர் ஒன்றின் வழியாகப் பகிர்ந்தேன். கடவுச்சொல் எதையும் கேட்கவில்லை. கைபேசிக்கு வந்த ஓடிபி போதுமானதாக இருந்தது. தரவு மறையாக்கத்துடன் செல்வதால், இடையிலுள்ள அக்ரிகேட்டரால் அதைப் படிக்க முடியாது. கடன் நிறுவனமோ பெயர், முகவரி, இருப்பு, ஒவ்வொரு வரவு செலவு என அனைத்தையும் பார்க்கும்.

கடன் வேண்டாமென்று முடிவெடுத்து அந்த நிறுவனத்தின் செயலியை நீக்கிவிட்டேன். ஆனால் தரவு எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி மீண்டும் வந்தது. ஒப்புதல் திரையை நான் சரியாகப் படிக்கவில்லை என்பதே உண்மை: 12 மாதப் பரிவர்த்தனைகளை ஒருமுறை மட்டுமல்ல, ஓராண்டு வரை மாதந்தோறும் எடுக்க இசைந்திருந்தேன்.

ஒப்புதல் பதிவாகியிருப்பது அக்ரிகேட்டரிடம் என்பதால், அதே கைபேசி எண்ணால் அதன் செயலியில் நுழைந்து, நடப்பிலுள்ள ஒப்புதல்களின் பட்டியலில் அந்த நிறுவனத்தைத் தேர்ந்து ‘Revoke’ என்பதை அழுத்தினேன். வேறொரு அக்ரிகேட்டரின் செயலியில் தேடினால் அது தென்படாது.

ஒப்புதலை இப்படித் திரும்பப் பெறுவது, இனி தரவு எடுப்பதை மட்டுமே தடுக்கும். ஏற்கெனவே சென்ற தரவை அழிக்காது. எனவே அதை நீக்குமாறு அந்நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்குத் தனியே மின்னஞ்சல் அனுப்பினேன்.