25 பவுன் நகையை எங்கே வைப்பது? லாக்கர், வீட்டுப் பெட்டகம், இன்சூரன்ஸ்: செலவோடு ஒரு கணக்கு

லாக்கரில் வைத்த நகை தொலைந்தால் வங்கி முழுப் பணத்தையும் தந்துவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. அப்படி இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பதே வங்கிக்குத் தெரியாது. அதனால் இழப்பீடு நகையின் மதிப்பை வைத்து வருவதில்லை, நீங்கள் கட்டும் வாடகையை வைத்து வருகிறது. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்ற முடிவுகள் சுலபம்.

கணக்குக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தங்கக் காசுகளையும் சேர்த்து 25 பவுன், கொஞ்சம் வெள்ளி நாணயம். பவுன் ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய விலையைப் போட்டு நீங்கள் மாற்றிக்கொள்ளலாம்.

படி 1: எடை போட்டு, பிரித்து எழுதுங்கள்

எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றையும் கிராமில் எடை போடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய ஹால்மார்க் நகையில் எச்.யு.ஐ.டி. என்ற ஆறு எழுத்துக் குறியீடு இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்து அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பில்கள், போட்டோக்கள், பட்டியல் எல்லாவற்றின் நகலையும் நகை இருக்கும் இடத்தில் வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள்.

அப்புறம் மூன்றாகப் பிரியுங்கள். தினமும் போடுவது (தாலிக்கொடி, வளையல், தோடு) 5 பவுன். கல்யாணம், காதுகுத்து என்று மாதத்தில் ஒருமுறையாவது எடுப்பது 5 பவுன். ஆரம், ஒட்டியாணம், தங்கக் காசு என்று வருஷத்தில் ஓரிரு முறைக்கு மேல் கை படாதது 15 பவுன். கடைசி 15 பவுன்தான் லாக்கருக்குப் போக வேண்டியது.

படி 2: லாக்கர்

நகரத்தில் ஒரு பொதுத்துறை வங்கியில் சிறிய லாக்கரின் வாடகை ஆண்டுக்கு 2,000 ரூபாய் அளவில் இருக்கும். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 2,360. தனியார் வங்கிகளில் பொதுவாகக் கூடுதல், கிராமக் கிளைகளில் குறைவு. காலி இல்லை என்றால் காத்திருப்போர் பட்டியல் எண்ணைக் கேட்டு வாங்குங்கள், அதைத் தர வேண்டியது வங்கியின் கடமை.

சில கிளைகளில் லட்சக்கணக்கில் டெபாசிட் போட்டால்தான் லாக்கர் என்பார்கள். ரிசர்வ் வங்கியின் 2021 ஆகஸ்ட் வழிகாட்டுதல்படி, மூன்று வருஷ வாடகையும் லாக்கரை உடைத்துத் திறக்கும் செலவும் ஈடாகும் அளவுக்கு மட்டுமே டெபாசிட் கேட்கலாம். நம் கணக்கில் அது சில ஆயிரங்கள்தான். பேச்சு எடுபடவில்லை என்றால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார், பிறகு cms.rbi.org.in.

இப்போது இழப்பீடு. தீ, திருட்டு, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி ஆகியவற்றால் நகை போனால், வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு. 2,000 வாடகைக்கு 2 லட்சம். உள்ளே இருப்பது 15 லட்சம். வெள்ளம், நிலநடுக்கம், இடி மின்னல் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு அந்த 2 லட்சமும் பொதுவாகக் கிடைக்காது. தாழ்வான தெருவில் இருக்கும் கிளையின் தரைத்தள லாக்கரை எடுக்கும் முன் இதை யோசியுங்கள்.

4,000 வாடகைக்கு நடுத்தர லாக்கர் எடுத்தால் இழப்பீடு இரட்டிப்பாகுமே என்று சிலர் கேட்பார்கள். ஆகும். ஆனால் கூடுதலாக ஆண்டுக்கு 2,360 கட்டி வாங்குவது 2 லட்சம் பாதுகாப்பு மட்டுமே. அதே பணத்துக்கு இன்சூரன்ஸ் என்ன தரும் என்பதை நான்காம் படியில் பார்க்கலாம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே நியமனதாரர் பெயரையும் கொடுத்துவிடுங்கள். லாக்கரை இயக்கிய அன்றே எஸ்.எம்.எஸ். வர வேண்டும், மொபைல் எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று வருஷம் தொடர்ந்து வாடகை கட்டாவிட்டால் உடைத்துத் திறக்கலாம். வாடகை ஒழுங்காகக் கட்டினாலும், ஏழு வருஷம் திறக்காமல் இருந்து ஆளையும் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அப்போதும் திறக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். மூடிய பின் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, தரையையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தோட்டின் திருகு விழுந்தால் சத்தம்கூடக் கேட்காது.

ரூபாய் நோட்டை லாக்கரில் வைக்காதீர்கள், ஒப்பந்தம் அனுமதிப்பதில்லை. பழைய வெள்ளி நாணயங்களை மெழுகுபோல் வளையும் பிளாஸ்டிக் உறையில் போட்டால் பி.வி.சி. காரணமாகப் பச்சைப் பிசுக்கு படியும். அமிலமில்லாத காகித உறை அல்லது கெட்டியான நாணயப் பெட்டி, கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பை போதும். பாலிஷ் மட்டும் போடாதீர்கள், சேகரிப்பு மதிப்பு போய்விடும்.

படி 3: வீட்டுப் பெட்டகம்

மாதம் ஒருமுறை எடுக்கும் 5 பவுனுக்கு இது. பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள எலெக்ட்ரானிக் பெட்டிகள் 10,000 ரூபாயைச் சுற்றிக் கிடைக்கும். ஆனால் திருடன் அதை உடைக்கவே வேண்டாம், தூக்கிக்கொண்டே போகலாம். பின்புறத் துளை வழியாக கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்கினால்தான் அது பெட்டகம். மர அலமாரியின் பின்பலகையில் திருகுவது வீண். பொருத்தும் செலவோடு 15,000 என்று வைத்து, பத்து வருஷத்துக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 1,500.

கடையிலிருந்து வரும் ரகசிய எண்ணை அன்றே மாற்றுங்கள். பேட்டரி தீர்ந்தால் திறக்க ஒரு அவசரச் சாவி தருவார்கள். அதைப் பெட்டிக்குள்ளேயே போட்டுப் பூட்டுகிறவர்கள் உண்டு! அதே அறை பீரோவில் வைப்பதும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

படி 4: இன்சூரன்ஸ்

வீட்டுக்கான பொதுப் பாலிசியான பாரத் கிருஹ ரக்ஷாவில் நகை தானாகச் சேராது. விலை உயர்ந்த பொருள் என்று தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். அப்போதும் திருட்டுக்கான காப்பு குறுகியது: தீ, வெள்ளம் போன்ற காப்பீடு செய்த நிகழ்வு நடந்து ஏழு நாளைக்குள் நடக்கும் திருட்டு மட்டுமே. பூட்டு உடைத்துத் திருடுவதற்குத் தனிப் பிரிவு வேண்டும்.

லாக்கரில் இருக்கும் நகைக்கு பிரீமியம் குறைவு, வீட்டிலும் உடம்பிலும் இருக்கும் நகைக்குப் பல மடங்கு. குறைந்தது இரண்டு நிறுவனங்களில் விலை கேளுங்கள். நம் கணக்குக்கு லாக்கர் நகைக்கு லட்சத்துக்கு 150 ரூபாய் என்றால், 15 லட்சத்துக்கு ஜி.எஸ்.டி. சேர்த்து 2,655. இரண்டாம் படியில் பெரிய லாக்கருக்குக் கூடுதலாகக் கட்டிய அதே அளவு பணம், ஆனால் பாதுகாப்பு 2 லட்சத்துக்குப் பதில் 15 லட்சம். வெளியே இருக்கும் 10 பவுனுக்கு ஒரு சதவீதம் என்றால் ஜி.எஸ்.டி.யோடு 11,800. இது கனம்தான். அதனால் வீட்டில் நகை குறையக் குறையச் செலவும் குறையும்.

வங்கி 2 லட்சம் தருமே, 13 லட்சத்துக்கு மட்டும் எடுக்கலாமா? வேண்டாம். பல பாலிசிகளில் குறைந்த மதிப்புக்கு எடுத்தால் இழப்பீட்டையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். முழு மதிப்புக்கு எடுத்து, தங்கம் ஏறினால் புதுப்பிக்கும்போது தொகையை ஏற்றுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை சில. பூட்டு உடைந்த தடயம் இல்லாமல் நகை போனால் தருவீர்களா? வேலைக்கு வருகிறவர் எடுத்தால்? வீடு ஒரு மாதத்துக்கு மேல் பூட்டிக் கிடந்தால்? பதிலை வாய்ச்சொல்லாக விடாமல் பாலிசியின் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

நகை போய்விட்டால் ஸ்டேஷனில் முதலில் சி.எஸ்.ஆர். என்ற புகார் ரசீதோடு அனுப்பிவிடப் பார்ப்பார்கள். இன்சூரன்ஸுக்கு அது போதாது, எஃப்.ஐ.ஆர். வேண்டும். நகையைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அதற்கான போலீஸ் சான்றையும் பின்னால் கேட்பார்கள். அன்றே நிறுவனத்துக்கும் தகவல் சொல்லிவிட்டு, முதல் படியில் எழுதிய பட்டியலின் நகலை எஃப்.ஐ.ஆரோடு இணைக்கச் சொல்லுங்கள்.